சுளுக்கிய காலுக்குக் கட்டில் ஓய்வு போதுமா?

வாசகி கடிதம்: “எனக்கு வயது 44, பள்ளி ஆசிரியை. மூன்று வாரங்களுக்கு முன் பேருந்திலிருந்து இறங்கும்போது வலது பாதம் உட்புறமாக மடங்கி, வெளிக்கணு முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஜவ்வு மட்டும் லேசாகக் கிழிந்திருக்கிறது என்றார்கள். அன்றிரவே மாமியார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மறுநாள் காலை எண்ணெய் தடவி உருவியும் விட்டார். வீக்கம் இரு மடங்காயிற்று. பயந்துபோய்ப் பன்னிரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஐஸ் கட்டியை மணிக்கணக்கில் வைத்திருந்தேன். இப்போது நடக்கிறேன். ஆனால் மாலையானால் கால் வீங்குகிறது, படி இறங்கும்போது மீண்டும் மடங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முழு ஓய்வு எடுத்தும் ஏன் இப்படி? என் மகளுக்கு வயது 15, கோ-கோ ஆடுகிறாள். அவளுக்கு இப்படி நேர்ந்தால் முதல் சில நாட்கள் நான் என்ன செய்ய வேண்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

முழு ஓய்வு எடுத்தும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஓய்வு அளவுக்கு மிஞ்சிப் போனதே இதற்குப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுளுக்கு என்றால் அசையாமல் கிடக்க வேண்டும் என்றுதான் மருத்துவர்களாகிய நாங்களும் நெடுங்காலம் சொல்லி வந்தோம். 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரு சூத்திரமாக எழுதினார். அது உலகம் முழுவதும் முதலுதவிப் பாடமாயிற்று. முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். அதற்கு முன்பே, 2012இல், பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, சூத்திரத்திலிருந்து ‘ஓய்வு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘பாதுகாப்பு’, ‘தகுந்த சுமை’ என்ற இரண்டையும் அந்த இடத்தில் வைத்தது. அந்த மாற்றத்துக்கான காரணம் விளங்க வேண்டுமானால், வீக்கம் என்பது என்ன, அது எந்த வழியாக வடிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வீக்கம் வரும் வழியும் வடியும் வழியும்

பாதம் உட்புறமாக மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது, வெளிக்கணு எலும்பிலிருந்து முன்னோக்கிச் சென்று கணுக்கால் எலும்பைப் பிடித்திருக்கும் ஒரு சிறிய தசைநார். நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான். அது கிழியும்போது அதனுடன் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுந்து இரத்தம் கசிகிறது. சில நிமிடங்களிலேயே முட்டை போல எழும்பும் வீக்கம் இதனால் வருவது. பிறகு உடல் தன் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்குகிறது: அப்பகுதி இரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர்கள் தளர்ந்து, புரதம் நிறைந்த நீர் வெளியே கசிகிறது, வெள்ளையணுக்கள் வந்து சிதைவுகளை அகற்றி, புதிய நார் உருவாவதற்கான சமிக்ஞைகளை அனுப்புகின்றன. இந்த இரண்டாவது வீக்கம் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு மெல்ல மெல்லக் கூடுவது இயல்பு. ஆகவே வீக்கத்தை முழுவதுமாக ஒழிக்க வேண்டிய பகையாக எண்ண வேண்டாம். ஆறுவதன் தொடக்கமே அதுதான்.

ஆனால் நீர் அளவுக்கு மீறித் தேங்கினால் மூட்டு விறைக்கிறது, வலி கூடுகிறது. அத்துடன், மூட்டுக்குள் நீர் நிறைந்திருக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசைகளை நரம்பு மண்டலமே அடக்கி வைத்துவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை முழு பலத்துடன் சுருங்குவதில்லை. கணுக்கால் மடங்கும் கணத்தில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியவை இந்தத் தசைகளே என்பதால், வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது தோற்றத்துக்காகச் செய்யும் வேலை அன்று.

தேங்கிய இந்த நீரில் புரதம் இருப்பதால் அது வந்த வழியே இரத்தக் குழாய்க்குள் எளிதில் திரும்பாது. பெரும்பகுதி நிணநீர்க் குழாய்களின் வழியாகத்தான் மேலே போக வேண்டும். இரத்தத்தை ஓட்ட இதயம் இருப்பதுபோல் நிணநீரை ஓட்ட வலுவான தனி உறுப்பு எதுவும் இல்லை. குழாயின் சுவர் தானாகச் சிறிதளவு சுருங்கும். மற்றபடி அருகிலுள்ள தசை சுருங்கி அதைப் பிழிய வேண்டும், குழாயினுள் இருக்கும் வால்வுகள் நீரைக் கீழே இறங்க விடாமல் தாங்க வேண்டும். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் சிரைகளில் இரத்தம் மேலேறுவதற்கும் கெண்டைக்கால் தசையே பம்பு. அசையாத காலில் இந்தப் பம்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நீங்கள் படுத்திருந்த பன்னிரண்டு நாட்களில் நிகழ்ந்தது இதுதான்: கிழிந்த நாருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது, ஆனால் வடிகால் அடைபட்டது, கெண்டைக்கால் தசையும் மெலிந்தது.

வெந்நீரும் எண்ணெய் உருவலும் பற்றி ஒரு சொல். நாள்பட்ட தசைப்பிடிப்புக்கு வெப்பம் இதமளிக்கும் என்ற உங்கள் மாமியாரின் அனுபவம் பொய்யன்று. அதைச் செய்த நேரம்தான் தவறு. முதல் இரண்டு மூன்று நாட்களில் வெப்பம் இரத்தக் குழாய்களை மேலும் விரியச் செய்து கசிவைக் கூட்டும். அழுத்தி உருவுவது அப்போதுதான் உறைந்து வாயடைத்திருக்கும் நுண்குழாய்களை மறுபடி திறந்துவிடும். மறுநாள் வீக்கம் இரு மடங்கானது இதனால்தான் இருக்க வேண்டும். “சுளுக்கு எடுக்கிறேன்” என்று பாதத்தை இழுத்துத் திருப்புவது இன்னும் ஆபத்து. பாதி கிழிந்த நார் முழுவதும் கிழியக்கூடும்.

முதல் மூன்று நாட்கள்

உங்கள் மகளுக்கு நேர்ந்தால் ஆட்டத்தை அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். “கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்” என்று மறுபடி களத்தில் இறங்குவதுதான் லேசான சுளுக்கைக் கடுமையாக்குகிறது.

அதன்பின் நான் அதிக நம்பிக்கை வைப்பது அழுத்தக் கட்டிலும் உயர்த்தி வைப்பதிலும்தான். கட்டுப் போடுவதில் பல வீடுகளில் ஒரே பிழையைப் பார்க்கிறேன்: கணுக்காலைச் சுற்றி மட்டும் கிரேப் பேண்டேஜை இறுக்கிவிட்டுப் பாதத்தைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். அப்போது நீர் கட்டுக்குக் கீழே பாதத்தில் இறங்கித் தேங்கும். கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் உள்ளடக்கி, எட்டு வடிவில் சுற்றி, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்கட்டும். பாதத்தில் சற்றே இறுக்கமாகவும், மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்கட்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெளிக்கணு எலும்பு துருத்திக்கொண்டிருப்பதால் சாதாரணக் கட்டின் அழுத்தம் முழுவதும் எலும்பின் மேலேயே விழுகிறது. நீர் சேர்வதோ எலும்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில். ஒரு பருத்தித் துணியை மடித்துக் குதிரை லாடம் போல வளைத்து, எலும்பு நடுவில் வரும்படியும் திறந்த பக்கம் மேலே இருக்கும்படியும் வைத்து, அதன் மேல் கட்டினால் அழுத்தம் பள்ளத்தில் விழும். கட்டிய பிறகு கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். விரல்கள் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, குளிர்ந்தாலோ உடனே தளர்த்துங்கள். இரவில் உறங்கும்போது கட்டைக் கழற்றிவிட்டுக் காலைத் தலையணை மேல் வைத்தால் போதும்.

உயர்த்தி வைப்பது என்றால் குதிகால் இதயத்தின் மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து முக்காலியில் காலை நீட்டுவது தொங்கவிடுவதைவிட நல்லது. ஆனால் அது உயர்த்துவது ஆகாது. படுத்துக்கொண்டு கெண்டைக்காலின் கீழும் குதிகாலின் கீழுமாக இரண்டு மூன்று தலையணைகளை வைத்து, ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம், பகலில் பல முறை செய்ய வேண்டும்.

ஐஸ் வலியை நன்றாகக் குறைக்கும். வீக்கத்தைக் குறைப்பதில் நாம் எண்ணிய அளவுக்கு அதற்குப் பங்கு இருப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை. ஆகவே வலிக்காகப் பயன்படுத்துங்கள். ஈரத்துணியில் சுற்றிப் பத்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் இடைவெளி, மீண்டும் பத்து நிமிடம். இதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு பெரும்பாலும் தேவைப்படாது. நீங்கள் செய்ததுபோல் மணிக்கணக்கில் வைத்தால் தோலும் அதன் அடியில் ஓடும் நரம்பும் புண்படலாம். நீரிழிவால் பாதம் மரத்திருப்பவர்கள் ஐஸைத் தவிர்ப்பதே நல்லது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம், ஆனால் தேய்க்காமல் பூச வேண்டும். அதே வகை மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

எவ்வளவு அசைவு, எப்போது

2010இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு என் போன்றவர்களின் நடைமுறையை மாற்றியது. கணுக்கால் சுளுக்குடன் வந்த 101 பேரில் ஒரு பாதியினருக்கு முதல் வாரத்திலேயே பயிற்சிகள் தொடங்கப்பட்டன. மறு பாதியினருக்கு வழக்கமான முறை. பயிற்சி செய்தவர்களின் கால் முதல் இரண்டு வாரங்களில் கூடுதலாகச் செயல்பட்டது. அதற்காக அவர்களுக்கு வலியோ வீக்கமோ அதிகமாகவில்லை. அசைத்தால் வீங்கும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில். புதிதாக உருவாகும் நாரின் இழைகள் எந்தத் திசையில் இழுவிசை வருகிறதோ அந்தத் திசையில்தான் வரிசைப்படுகின்றன. விசையே இல்லாவிட்டால் அவை தாறுமாறாகப் பின்னிக்கொள்கின்றன.

இதை உங்களிடம் சொல்லும்போது ஓர் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2009இல் வெளிவந்த, 584 பேரை உள்ளடக்கிய ஆய்வு ஒன்றில், காலை ஊன்றவே முடியாத கடும் சுளுக்குக்காரர்களில் முழங்காலுக்குக் கீழ் பத்து நாள் மாவுக்கட்டுப் போட்டவர்கள், குழாய் வடிவ மீள்துணிக் கட்டு மட்டும் அணிந்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாக இருந்தார்கள். ஒன்பதாவது மாதத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, கடுமையான கிழிசலுக்குச் சில நாள் உறுதியான தாங்கல் உதவுகிறது. ஆனால் அந்தத் தாங்கலைக் கட்டில் ஓய்வு என்று கொள்ளக் கூடாது.

கல்லூரி வாலிபால் வீரர் ஒருவர், மிதமான கிழிசல், சுளுக்கிய சில மணி நேரத்தில் என்னிடம் வந்தார். அளவு நாடாவை எட்டு வடிவில் கணுக்காலைச் சுற்றி அளந்தோம்: நல்ல கால் 52 செ.மீ., பட்ட கால் 54. அன்று மாலையே, கால் உயர்த்தியிருக்கும்போது, பாதத்தை மேலும் கீழும் மட்டும், வலிக்காத அளவுக்கு, மணிக்கு ஒருமுறை பதினைந்து தடவை அசைக்கச் சொன்னேன். பாதத்தை உட்புறம் திருப்புவதற்கு மட்டும் தடை, ஏனெனில் கிழிந்த நாரை நேரடியாக இழுப்பது அந்த அசைவே. இரண்டாம் நாள் ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடந்தார். ஊன்றுகோலை அவர் பட்ட காலின் பக்கமே பிடித்திருந்தார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் சுமை பகிரப்படும். நொண்டி நொண்டி நீளமாக எட்டு வைக்காமல், குதிகால் முதலில் பட்டு விரலில் முடியும் குட்டி எட்டுகளாக நடக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஆர்வத்தில் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டார். நான்காம் நாள் காலையில் நாடா மறுபடி 54ஐக் காட்டியது, முந்தைய நாள் 53.5 ஆக இருந்தது. பயிற்சியை நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்தோம். நாங்கள் பின்பற்றும் அளவுகோல் இதுதான்: பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம், மறுநாள் காலை வலியோ வீக்கமோ முந்தைய காலையைவிடக் கூடியிருந்தால், முந்தைய நாள் செய்தது அதிகம். ஐந்தாம் நாள் 53. அன்று முதல் கால் கட்டைவிரலால் காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதவும், சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிகாலையும் ஒன்றாக உயர்த்தி இறக்கவும் தொடங்கினார். எல்லோருக்கும் இதே நாள் கணக்குப் பொருந்தாது. அந்தக் காலை அளவுகோல் பொருந்தும்.

எக்ஸ்ரேயும் மருத்துவரும் தேவைப்படும் நேரம்

1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நொண்டியாவது நான்கு எட்டு நடக்க முடியவில்லை, அல்லது வெளிக்கணு, உட்கணு எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பின் கடைசி ஆறு செ.மீ. பகுதியிலோ அழுத்தினால் வலிக்கிறது, அல்லது பாதத்தின் வெளி ஓர நடு எலும்பின் அடியிலோ உட்புற மேட்டு எலும்பிலோ வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலி எலும்பில் இல்லாமல் அதற்கு முன்புறச் சதையில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் முறிவு இருக்காது. உங்கள் மகள் விஷயத்தில் சற்றுக் கூடுதல் கவனம் தேவை: வளரும் வயதில் எலும்பு முனையின் வளர்ச்சித் தட்டு தசைநாரைவிட மென்மையாக இருக்கலாம், நார் கிழிவதற்குப் பதில் அது பிளந்துவிடும், எக்ஸ்ரேயிலும் சில சமயம் தெரியாது. எலும்பின் மேல் அழுத்தினால் வலி என்றால் எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு உருக்குலைந்திருந்தாலோ, பாதம் குளிர்ந்து வெளுத்திருந்தாலோ வீட்டில் எதுவும் செய்யாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்றைய நிலையில் உங்கள் கால்

முதலில் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நெடுநாள் படுத்திருந்தவர்களுக்குக் காலின் ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். உங்கள் வீக்கம் கணுக்காலோடு நிற்காமல் கெண்டைக்கால் முழுவதும் பருத்து, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஸ்கேன் செய்யுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

அவ்வாறு இல்லை, காலையில் வடிந்து மாலையில் கணுவைச் சுற்றி மட்டும் வீங்குகிறது என்றால் அதில் வியப்பில்லை. மெலிந்த கெண்டைக்காலை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறீர்கள். நின்றுகொண்டே இருப்பதுதான் நடப்பதைவிடக் கெடுதல். நடந்தால் பம்பு ஓடும், நின்றால் நிற்கும். இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை அமர்ந்து பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் அசையுங்கள். பகலில் மேற்சொன்னபடி கட்டு அல்லது கணுக்கால் உறை அணியலாம். காலையும் மாலையும் மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்தல் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யுங்கள். எளிதானதும் ஒற்றைக் காலில் செய்யுங்கள். இப்போது இளஞ்சூட்டு ஒத்தடத்துக்குத் தடையில்லை. மாமியார் விரும்பினால் விரலிலிருந்து முழங்கால் நோக்கி மென்மையாக நீவிவிடலாம்.

படியில் வரும் பயத்துக்கும் உடல் சார்ந்த காரணம் உண்டு. தசைநாருக்குள் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்முனைகள் இருக்கின்றன. நாருடன் அவையும் பாதிக்கப்படுகின்றன. அதைப் பயிற்சியால்தான் மீட்க முடியும். சுவருக்கு அருகில் வலது காலில் மட்டும் முப்பது விநாடி நில்லுங்கள், நாளொன்றுக்கு ஐந்தாறு முறை. ஒரு வாரத்தில் எளிதாகும். பிறகு கண்களை மூடி நில்லுங்கள், அதற்குப் பின் மடித்த போர்வையின் மேல். குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். அதன் பிறகும் கால் திடீரென மடங்கினால், அல்லது மூட்டின் ஆழத்தில் குத்தும் வலியோ கணுவுக்கு மேலே இரு எலும்புகளுக்கு இடையில் வலியோ நீடித்தால், எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்புக் காயமோ மேற்கணு நார்க் கிழிசலோ இருக்கலாம். அப்போது எம்ஆர்ஐ தேவையா என்று எலும்பு மருத்துவர் முடிவு செய்வார்.

மகளுக்கு எப்போதாவது நேர்ந்தால், வலி போய்விட்டது என்பதை மட்டும் வைத்துக் களத்துக்கு அனுப்பாதீர்கள். பட்ட காலில் மட்டும் நின்று நல்ல காலுக்கு இணையாகக் குதிகால் உயர்த்தவும், அதே காலில் நொண்டியடித்து முன்னும் பக்கவாட்டிலும் தாவவும், கோ-கோவில் கம்பத்தைச் சுற்றித் திரும்புவதுபோல் ஓட்டத்தின் நடுவே சட்டெனத் திசை மாறவும் அவளால் தயக்கமின்றி முடிய வேண்டும். அதன் பிறகும் சில மாதங்கள் ஆடும்போது கணுக்கால் உறை அணியச் சொல்லுங்கள்.